முதல் சுழற்சி

ரத்ததான முகாமில் எடுத்த பைகளை உடனே ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக் கொண்டுபோவதுதான் முறை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பையிலிருந்து சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்றையும் பிரித்தெடுக்க வேண்டுமானால் செய்யவே கூடாத காரியம் அதுதான். அந்தப் பைகள் 20 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள், நல்ல ஏசி அறையின் குளிர்ச்சியில், ரத்த வங்கிக்கு வந்து சேர வேண்டும். ஐஸில் வைத்துவிட்டால் சிவப்பணு நன்றாகவே இருக்கும், பிளாஸ்மாவும் பிழைத்துக்கொள்ளும். தட்டணு மட்டும் நோயாளிக்குப் பயன்படாமல் போய்விடும்.

பிளேட்லெட் என்று டெங்கு காலத்தில் ஊரெல்லாம் பேசப்படும் இந்தத் தட்டணு, ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தால் முதலில் போய் அடைக்கிற துணுக்கு. உடம்பில் ஓடும்போது தட்டையாக, வட்டமாக இருக்கும். குளிர் பட்டால் உருண்டு, மேலெல்லாம் முள்முள்ளாக நீட்டிக்கொள்ளும். பிறகு சூட்டுக்குக் கொண்டுவந்தாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அப்படி உருமாறியதை நோயாளிக்கு ஏற்றினால் அவருடைய கல்லீரல் அதை அடையாளம் கண்டு விரைவிலேயே வடித்துவிடும். 1960-கள் வரை தட்டணுவையும் குளிர்பெட்டியில்தான் வைத்தார்கள். ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வுதான், அறை வெப்பத்தில் வைத்த தட்டணு நோயாளியின் உடலில் அதிக நாள் வாழ்கிறது என்று காட்டியது. இன்றுவரை உலகம் முழுவதும் ரத்த வங்கிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சிவப்பணுவுக்கு 2 முதல் 6 டிகிரி வேண்டும். தட்டணுவுக்கு 22 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும், அதோடு ஓயாத அசைவும் வேண்டும். பிளாஸ்மாவை மைனஸ் 30 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். தாமதித்தால் அதிலுள்ள உறைதல் காரணிகளில் மென்மையான ஐந்தாவதும் எட்டாவதும் வலுவிழக்கும். மூன்றும் ஒரே பையில் இருக்கும்வரை யாருக்கும் உரிய இடம் கிடையாது. ஆகவே ரத்தம் எடுத்த 6 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 8 மணி நேரத்துக்குள், அவற்றைப் பிரித்து அவரவர் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் நடப்பதை ஒரே ஒரு பையைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் காலை 10 மணிக்கு ரத்தம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் 45 கிலோவுக்குக் குறையாதவரிடம் 350 மில்லியும், 55 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் 450 மில்லியும் எடுக்கலாம். இவரிடம் 450 மில்லி எடுக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரே பையாகத் தெரிந்தாலும் உண்மையில் அது மெல்லிய குழாய்களால் இணைந்த நான்கு பைகளின் கொத்து. தாய்ப்பையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் 63 மில்லி திரவம் ஏற்கெனவே இருக்கும். துணைப்பைகளில் இரண்டு காலி. மூன்றாவதில் உப்பு, அடினின், குளுக்கோஸ், மானிட்டால் கலந்த 100 மில்லி திரவம். எஸ்.ஏ.ஜி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். சிவப்பணுவுக்கான சாப்பாடு அது.

இந்தக் கொத்துதான் மொத்த வேலைக்கும் அடித்தளம். ரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில் சேமித்த காலத்தில் ஒன்றைப் பிரிக்க வேண்டுமானால் மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் கிருமி நுழையும். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்ல் வால்டர் என்ற அறுவை மருத்துவரும் வில்லியம் மர்ஃபி என்ற பொறியியல் அறிந்த மருத்துவரும் பிளாஸ்டிக் பையை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான், வெளிக்காற்றே படாமல் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு ரத்தத்தின் பகுதிகளை நகர்த்துவது அன்றாட வேலையானது.

ரத்தம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊசி குத்தியதும் ரத்தம் தடையில்லாமல் ஓடிவர வேண்டும். பை ஒரு சிறு தொட்டிலில் ஆடிக்கொண்டே இருக்கும். ரத்தமும் உறைதடுப்புத் திரவமும் கலப்பதற்காக. நரம்பு சரியாகக் கிடைக்காமல் நின்று நின்று வந்து, பை நிறைய 15 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால், அதற்குள் தட்டணுக்கள் விழித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருக்கும். அத்தகைய பையிலிருந்து தட்டணு எடுப்பதில்லை. அதை ஓர் அடையாளம் போட்டுத் தனியே வைத்துவிடுவார்கள். ரத்தம் கொடுப்பவர் அதற்கு முந்தைய 3 நாளில் ஆஸ்பிரின் போட்டிருந்தாலும் இதே முடிவுதான். ஒரு மாத்திரை போதும், அது பட்ட தட்டணு ஆயுள் முழுக்கச் சரியாக ஒட்டாது.

நம் பையில் அந்தக் குறை எதுவும் இல்லை. பகல் ஒரு மணிக்கு ரத்த வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது. சற்று நேரம் அசையாமல் வைத்திருந்து சென்ட்ரிபியூஜ் இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தைவிடச் சற்றுப் பெரியது, உள்ளே வெப்பத்தை 22 டிகிரியில் நிறுத்திவைக்கக் கூடியது. ஆறோ எட்டோ ஆழமான கிண்ணங்கள் அதில் தொங்கும். சுழலும்போது அவை வெளிப்பக்கமாகப் படுத்துக்கொள்ளும்.

பையைக் கிண்ணத்துக்குள் வைக்கும் விதத்தில்தான் அனுபவம் தெரியும். பை நிமிர்ந்து நிற்க வேண்டும், எங்கும் மடிப்பு விழக் கூடாது. மடிப்பு இருந்தால் அதற்குள் சிவப்பணு சிக்கிக்கொண்டு, பிறகு பையை வெளியே எடுக்கும்போது மேலே கலங்கிவிடும். துணைப்பைகளையும் குழாய்களையும் சுருட்டி, கிண்ணத்துக்கு வெளியே எட்டிப்பார்க்காதபடி செருக வேண்டும். எதிரெதிரே தொங்கும் கிண்ணங்கள் இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். தராசில் வைத்துப் பார்த்து, எடை குறைந்த பக்கத்தில் ரப்பர் வில்லைகளைச் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். எடை பிசகினால் இயந்திரம் அதிரும். அந்த அதிர்வே அடுக்குகளைக் கலக்கிவிடும்.

இப்போது முதல் சுழற்சி. இதை மென்சுழற்சி என்று சொல்லலாம். புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு விசை, 3 நிமிடம் என்பது பாடநூல்கள் தரும் தொடக்க அளவு. குறைந்த விசையில் 10 நிமிடம் வரை சுழற்றும் இடங்களும் உண்டு. எதுவானாலும் நோக்கம் ஒன்றே: சிவப்பணு கீழே இறங்க வேண்டும், தட்டணு மட்டும் மேலே பிளாஸ்மாவில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும்.

இது எப்படி முடிகிறது? பிளாஸ்மாவின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே கூட, 1.03-ஐ ஒட்டியது. தட்டணு 1.04-க்கும் 1.06-க்கும் இடையில். சிவப்பணு 1.09-க்கு மேல். ஆக, தட்டணுவும் பிளாஸ்மாவைவிடக் கனமானதுதான். போதுமான நேரம் கொடுத்தால் அதுவும் இறங்கியே தீரும். அதைக் காப்பாற்றுவது அதன் சிறிய உருவம். சிவப்பணுவின் குறுக்களவு 7, 8 மைக்ரான். தட்டணுவுக்கு 2, 3 மைக்ரான்தான். திரவத்துக்குள் துகள் சிறுக்கச் சிறுக்க அது இறங்கும் வேகம் மிக அதிகமாகக் குறையும். வெள்ளம் வந்த ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மணல் உடனே அடியில் படிந்துவிடும், வண்டல் மட்டும் நெடுநேரம் மிதக்கும். மணல் படிந்து, வண்டல் இன்னும் படியாத அந்தத் தருணத்தில் மேல்நீரைச் சாய்த்து எடுத்துவிடுவதுதான் மென்சுழற்சி.

ஆகவே இது விசையைவிட நேரத்தைப் பற்றிய வேலை. சீக்கிரம் நிறுத்தினால் சிவப்பணு முழுக்க இறங்கியிருக்காது. தாமதித்து நிறுத்தினால் தட்டணுவும் கூடவே இறங்கிச் சிவப்பணுவின் மேல் படிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இயந்திரம் நின்றாக வேண்டுமே! பிரேக் கடுமையாகப் போட்டால் அடுக்குகள் குலுங்கும். அதனால் பிரேக்கை மெதுவான அளவில் வைத்திருப்பார்கள். அது ஓடி அடங்கும் நேரமும் சுழற்சிக் கணக்கில் சேரும்.

பக்கத்து ஊர் ரத்த வங்கியில் நன்றாக வேலை செய்யும் வேகத்தை அப்படியே எழுதிக்கொண்டு வந்து நம் இயந்திரத்தில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மட்டும் விசையைத் தீர்மானிப்பதில்லை. அச்சிலிருந்து பையின் அடிவரை உள்ள தூரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதற்கான கணக்கு இது:

RCF = 1.118 × 10⁻⁵ × r × N²

RCF என்பது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்ற எண். r அச்சிலிருந்து உள்ள தூரம், சென்டிமீட்டரில். N நிமிடத்துக்கு எத்தனை சுற்று. தூரம் 25 சென்டிமீட்டர் உள்ள இயந்திரத்தில் 2000 மடங்கு விசை கிடைக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 2675 சுற்று வேண்டும். அதே சுற்றை 20 சென்டிமீட்டர் இயந்திரத்தில் வைத்தால் 1600 மடங்குதான் கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு விசை காணாமல் போயிருக்கும். முகப்புப் பலகையில் தெரியும் எண்ணோ அதேதான்.

இயந்திரம் நின்றதும் பையை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் காரியம். டெக்னீஷியன் இரண்டு கையாலும் நேராகத் தூக்கி, சாய்க்காமல், பிழிகருவியில் மாட்டுவார். ஸ்பிரிங் பொருத்திய ஒரு தகடு பையை மெதுவாக அழுத்தும் எளிய கருவி அது. பையின் கீழ்ப்பாதி கரும்சிவப்பாகவும், மேல்பாதி லேசாகக் கலங்கிய இளமஞ்சளாகவும் இருக்கும். அந்தக் கலங்கல்தான் தட்டணு. தெள்ளத் தெளிவான மஞ்சளாக இருந்தால் அதைப் பார்த்து மகிழக் கூடாது. தட்டணு கீழே போய்விட்டது என்று பொருள்.

குழாய்க்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் அடைப்பை வெளியிலிருந்தே மடக்கி ஒடித்ததும் மஞ்சள் திரவம் காலிப் பைக்குள் ஏறத் தொடங்கும். சிவப்பு எல்லை மேலே ஏறி ஏறி வரும். பையின் வாய்க்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே அது இருக்கும்போதே குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திவிட வேண்டும். பேராசைப்பட்டால் சிவப்பு இழை ஒன்று குழாயில் ஏறிவிடும், தட்டணுப் பை இளஞ்சிவப்பாக மாறிவிடும். அழகு கெட்டுப்போகிறது என்பதற்காக அதை ஒதுக்குவதில்லை. ஆர்.எச். பாசிட்டிவ் ரத்தத்தின் சிவப்பணு இப்படி ஒட்டிக்கொண்டு ஓர் ஆர்.எச். நெகட்டிவ் பெண்ணின் உடலுக்குள் போனால், அவர் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகலாம். பல ஆண்டு கழித்து அவர் கருவுறும்போது அந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும்.

நம் பையின் கணக்கைப் பார்ப்போம். ரத்தம் 450, உறைதடுப்பு 63, மொத்தம் 513 மில்லி. கொடுத்தவரின் ரத்தத்தில் சிவப்பணு 42 சதவீதம் என்றால் பைக்குள் 189 மில்லி சிவப்பணு இருக்கிறது. மேலே இருந்து 250 மில்லி மஞ்சள் திரவத்தை எடுத்தாயிற்று. கீழே மிஞ்சியது 263 மில்லி, அதில் 72 சதவீதம் சிவப்பணு. இது தேன்பாகு போல் கெட்டியாக இருக்கும், நோயாளிக்கு ஏற்ற நேரமாகும். அதனால் மூன்றாவது துணைப்பையிலிருந்த 100 மில்லி எஸ்.ஏ.ஜி.எம். திரவத்தை இதற்குள் இறக்கிக் கலக்குகிறார்கள். 363 மில்லி, 52 சதவீதம் சிவப்பணு. குழாயைச் சூட்டால் உருக்கி ஒட்டும் சீலரில் வைத்து மூடி, இந்தப் பையைத் தனியாக வெட்டி எடுத்துக் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வார்டுகளில் பேக்டு செல் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இந்தத் திரவம் இருப்பதால் 42 நாள் தாங்கும். இல்லாமல், சி.பி.டி.ஏ. என்ற உறைதடுப்பில் மட்டும் வைத்தால் 35 நாள்.

மீதி இருப்பது மஞ்சள் திரவமும் ஒரு காலிப் பையும். இரண்டையும் மறுபடி கிண்ணத்தில் வைத்து இந்த முறை வன்சுழற்சி: 5000 மடங்கு விசை, 5 நிமிடம். இப்போது தட்டணுவுக்குத் தப்ப வழியில்லை. எல்லாம் அடியில் போய் ஒரு மெல்லிய வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பது சுத்தமான பிளாஸ்மா. அதில் 190 மில்லியைக் காலிப் பைக்கு நகர்த்தி, 60 மில்லியை மட்டும் தட்டணுவோடு விட்டுவைக்கிறார்கள். இந்த 60 மில்லியைக் கஞ்சத்தனமாகக் குறைத்துவிடக் கூடாது. தட்டணு 5 நாள் உயிர் வாழ்வது அந்தப் பிளாஸ்மாவில்தான். அது உண்டாக்கும் அமிலத்தைத் தாங்குவதும் அதுவே.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பையை யாரும் தொடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைத்தான் நம்ப மறுப்பார்கள். அடியில் ஒட்டிய படலத்தைக் கையால் பிசைந்து உடனே கலக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்போதுதான் நசுங்கி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் தட்டணுக்கள், பிசைந்தால் நிரந்தரக் கட்டிகளாகிவிடும். சும்மா விட்டால் தாமாகவே பிடியைத் தளர்த்திக்கொள்ளும். பிறகு மெல்ல உருட்டினாலே கலந்துவிடும். அதன் பிறகு ஓயாமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில் பையை வைக்கிறார்கள். அதன் பை வேறு விதமான பிளாஸ்டிக். காற்று அதன் வழியே உள்ளே போய் வர முடியும். ஆட்டம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் போதாமல் தட்டணுக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து தம்மையே கொன்றுகொள்ளும். மின்வெட்டு வந்தால் ரத்த வங்கிக்காரர்கள் முதலில் ஓடிப் பார்ப்பது இந்தத் தட்டைத்தான்.

பிளாஸ்மாப் பை நேரே பிளாஸ்ட் ஃப்ரீசருக்குள் போகிறது. மெதுவாக உறைந்தால் உறைதல் காரணிகள் பாழாகும் என்பதால் வேகமாக உறைய வைக்கும் பெட்டி அது. மைனஸ் 30-இல் ஓராண்டு வைத்திருக்கலாம். இடையில் மின்சாரம் போய் உருகி, மறுபடி உறைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தால் எல்லாம் ஒரே பனிக்கட்டிதான். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பையைப் படுக்க வைத்து உறைய வைத்துவிட்டு, பிறகு நிமிர்த்தி அடுக்குவார்கள். இடையில் உருகியிருந்தால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி இடம் மாறி மேலே போய் நின்றிருக்கும். இன்னொன்று: அந்தக் குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மேசையில் சற்று அழுத்தி வைத்தாலே விரிசல் விழும். அது தெரிவதோ, அவசரத்தில் நோயாளிக்காக 37 டிகிரித் தண்ணீரில் உருக்கும்போது தொட்டித் தண்ணீர் மஞ்சளாகும்போதுதான்.

காலை 10 மணிக்குக் கொடுத்த ரத்தம் பிற்பகல் மூன்றரைக்கு மூன்று இடங்களில் இருக்கிறது. ஆனால் இன்னும் எதையும் நோயாளிக்குத் தர முடியாது. எச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனை முடிவு வரும்வரை மூன்றும் தனியே பூட்டிவைக்கப்பட்டிருக்கும். கொத்தின் எல்லாப் பைகளிலும் குழாய்களிலும் ஒரே எண் இருக்கும். ஒன்றில் குறை என்றால் அந்த எண்ணுள்ள மூன்றும் போய்விடும்.

வேலை சரியாக நடந்ததா என்று எப்படித் தெரியும்? மாதிரிக்குச் சில பைகளை எடுத்துத் தட்டணுவை எண்ணிப் பார்ப்பார்கள். அந்த எண்ணிக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கு எந்தச் சுழற்சியில் பிழை என்பதும் தெரிந்துவிடும். நம் பைக்கு வருவோம். கொடுத்தவருக்கு ஒரு மைக்ரோ லிட்டருக்கு 2,50,000 தட்டணு என்றால் 450 மில்லியில் 11,250 கோடி. இந்த முறையில் எல்லாமும் கைக்கு வராது. முதல் சுழற்சிக்குப் பின் மஞ்சள் திரவத்தில் 9,000 கோடி வந்திருந்தால் நல்ல வேலை. எண்ணும் கருவி 250 மில்லிக்கு 3,60,000 என்று காட்டும். இரண்டாவதுக்குப் பின் 60 மில்லியில் 7,000 கோடி நின்றால், கருவியில் ஏறத்தாழ 11,70,000. நம் நாட்டு விதிப்படி 450 மில்லிப் பைக்கு 4,500 கோடி இருந்தாலே போதும்.

ஒரு மாதம் இறுதி எண்ணிக்கை 4,000 கோடியாகச் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு எட்டியபடி சுழற்சி நேரத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பது வீண். இடையில் ஒரு பையிலிருந்து மஞ்சள் திரவத்தை எடுத்து எண்ண வேண்டும். அதிலேயே 1,80,000 என்று பாதிதான் இருந்தால் பிழை முதல் சுழற்சியில். தட்டணு சிவப்பணுவோடு இறங்கியிருக்கிறது, நேரத்தையோ விசையையோ குறைக்க வேண்டும். அங்கே 3,60,000 சரியாக இருந்து இறுதியில் மட்டும் குறைந்தால் இரண்டாம் சுழற்சி போதாமல் தட்டணு பிளாஸ்மாவோடு போய்விட்டது, அல்லது ஒட்டிய படலம் முழுக்கக் கலையவில்லை. பிளாஸ்மாவிலும் ஒரு சொட்டு எண்ணிப் பார்த்தால் இரண்டில் எது என்பது தீர்ந்துவிடும்.

எண்ணாமலே பார்க்கவும் ஒரு வழி உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. தட்டணுப் பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினால், உள்ளே பட்டுத்துணி அசைவது போன்ற மினுமினுப்பு சுழன்று ஓடும். தட்டணுக்கள் இன்னும் தட்டையாக இருப்பதால் திரும்பும்போதெல்லாம் ஒளியை வேறுவேறாகச் சிதறடிக்கின்றன. உருண்டையாகிவிட்டால் எப்படித் திருப்பினாலும் ஒரே மங்கல்தான். குளிர்ந்துபோன பை, ஆட்டாமல் விட்ட பை, அமிலம் ஏறிய பை மூன்றும் இந்த ஒரு சோதனையில் மாட்டிக்கொள்ளும். பையை வெளியே கொடுக்கும் முன் இதைப் பார்க்க சில நொடிதான் ஆகும்.

வேறொரு பாதையும் இருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் முதலிலேயே வன்சுழற்சி செய்துவிடுகிறார்கள். சிவப்பணு அடியில், பிளாஸ்மா மேலே, நடுவில் வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்த மெல்லிய சாம்பல் படலம். மேலும் கீழும் வாய் உள்ள பையில் பிளாஸ்மாவை மேலேயும் சிவப்பணுவைக் கீழேயும் எடுத்துவிட்டு, அந்தப் படலத்தை மட்டும் தாய்ப்பையில் நிறுத்தி, பிறகு மென்சுழற்சியில் தட்டணுவைப் பிரிக்கிறார்கள். தட்டணு கடினமாக அழுத்தப்படும்போது அடியில் சிவப்பணு மெத்தையாக இருப்பதால் அது பிளாஸ்டிக் மேல் போய் நசுங்குவதில்லை. காய்ச்சல் நடுக்கத்துக்குக் காரணமான வெள்ளையணுவும் பெருமளவு விலகிவிடும். நம் ஊரிலும் இந்த முறைக்கு மாறிய ரத்த வங்கிகள் உண்டு. பை விலை கூடுதல், ஆனாலும் என் எண்ணத்தில் இதுவே மேலான முறை. சிவப்பணு வாங்கும் நோயாளிக்கும் சேர்த்து இது நன்மை செய்கிறது.

இந்த 7,000 கோடி நோயாளிக்குள் போனால் என்ன ஆகும்? பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் கலந்தால் மைக்ரோ லிட்டருக்கு 14,000 கூட வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்கை மண்ணீரல் பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சுவது 9,000-ஐ ஒட்டி. அதுவும் காய்ச்சலோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு. ஒரு பை ஏற்றியதும் எண்ணிக்கை லட்சத்துக்குத் தாவிவிடும் என்று எதிர்பார்த்து, மறுநாள் அறிக்கையைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் அதிகம். பெரியவருக்கு ஒரே வேளையில் 4 முதல் 6 பை வரை சேர்த்து ஏற்றுவது இதனால்தான்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தட்டணு தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னால், எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும்வரை காத்திருந்து ஆள் தேடாதீர்கள். கொடுத்த ரத்தம் பிரிந்து, ஓய்ந்து, பரிசோதனை முடிந்து கைக்கு வரப் பெரும்பாலும் மறுநாள் ஆகிவிடும். கொடையாளரை முந்தின நாளே அனுப்புங்கள். மூன்று நாளாக ஆஸ்பிரின் போட்டிருக்கிறாரா என்று அவரிடம் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், ஆனால் இட்லி போதும். பூரியும் வடையும் சாப்பிட்ட கையோடு கொடுத்தால் பிளாஸ்மா பால்போலக் கலங்கி, அந்த ஒரு பை குப்பைக்குப் போகும்.